வாடகை ஒப்பந்தத்தில் வீட்டு வரியும் தண்ணீர்க் கட்டணமும்: யார் கொடுப்பது என்று எழுதிவைக்கும் முறை

வேலூரில் வீடு பார்க்கப் போனால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் முடியும்: “வாடகை ஒன்பதாயிரம், கரண்ட் தனி, தண்ணிக்குக் குறைச்சல் இல்லை.” வருகிறவரும் சரி என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். வீட்டு வரி பற்றி யாரும் வாயே திறந்திருக்க மாட்டார்கள். அக்டோபர் மாதம் வீட்டுக்காரர் மாநகராட்சி ரசீதைக் காட்டி, “உங்க பங்கு இவ்வளவு ஆகுது” என்று சொல்லும்போதுதான் இரண்டு பேருக்கும் தாங்கள் வேறு வேறு விதமாக நினைத்துக்கொண்டிருந்தது தெரியவரும். தண்ணீர் விஷயத்தில் அது மே மாதம் தெரியும், முதல் டேங்கர் லாரி வாசலில் வந்து நிற்கும்போது.

சிஎம்சி மருத்துவமனையில் வேலைக்கு வருபவர்கள், விஐடி-யில் சேருபவர்கள், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைகளுக்கு மாற்றலாகி வருபவர்கள் என்று இந்த ஊரில் புதிதாக வாடகைக்கு வருபவர்கள் நிறைய. முதல் தடவை ஒப்பந்தம் போடுகிறவர்களுக்கும், மாடியைக் கட்டி முதல் தடவை வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் இது. முழு ஒப்பந்தத்தையும் இங்கே பேசப் போவதில்லை. வரியும் தண்ணீரும் மட்டும்.

என்னென்ன பில் வருகிறது என்று முதலில் பாருங்கள்

கையெழுத்துக்கு முன்னால் வீட்டுக்காரரிடம் கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீதையும் குடிநீர்க் கட்டண ரசீதையும் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். “ஒப்பந்தத்தில் நம்பர் போடணும், அதுக்குத்தான் சார்” என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டுக்கும் தனித்தனி எண் இருக்கும். வரிக்கு வரிவிதிப்பு எண், தண்ணீருக்குக் குடிநீர் இணைப்பு எண். பாதாளச் சாக்கடை வந்துவிட்ட தெருவாக இருந்தால் அதற்கு இன்னொரு கட்டணம் உண்டு. குப்பைக்கான கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எண் கைக்கு வந்ததும் tnurbanepay.tn.gov.in தளத்தில் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். சென்னை தவிர்த்த மாநகராட்சிகள், நகராட்சிகளின் வரியும் குடிநீர்க் கட்டணமும் அங்கேதான் கட்டப்படுகின்றன. காட்பாடி, சத்துவாச்சாரி எல்லாம் 2008-ல் உருவான வேலூர் மாநகராட்சிக்குள் வந்துவிட்டதால் இதே தளம்தான். ஊரைத் தாண்டி ஊராட்சிக்குள் இருக்கும் வீடென்றால் வீட்டு வரி ஊராட்சிக்குப் போகும். அதற்கான தளம் vptax.tnrd.tn.gov.in. வீடு எந்த எல்லைக்குள் வருகிறது என்பது ரசீதின் தலைப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பாக்கியை ஏன் பார்க்க வேண்டும் என்றால், சொத்து வரி நிலுவை என்பது ஆள் மேல் நிற்பதைவிடக் கட்டடத்தின் மேல் நிற்பது. குடிநீர் இணைப்பும் அப்படியே. பழைய குடித்தனக்காரர் தண்ணீருக்குக் கொடுத்த பணத்தை வீட்டுக்காரர் ஆபீசில் கட்டாமல் விட்டிருந்தால், இணைப்பைத் துண்டிக்க ஆள் வரும்போது வீட்டில் இருப்பது நீங்கள்தான். பாக்கி இருந்தால் அதற்காக வீட்டை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. “குடிவரும் தேதிக்கு முந்தைய எல்லா நிலுவையும் உரிமையாளரைச் சேர்ந்தது” என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும்.

சுமப்பவர் ஒருவர், கட்டுபவர் இன்னொருவர்

நான் பார்த்த பல ஒப்பந்தங்களில் “வரி மற்றும் தண்ணீர் வாடகைதாரர் பொறுப்பு” என்று ஒரே வரி இருக்கும். இதில் இரண்டு கேள்விகள் குழம்பிக் கிடக்கின்றன. பணம் யாருடையது என்பது ஒன்று. ஆபீசுக்கோ ஆன்லைனுக்கோ போய் அந்தப் பணத்தைக் கட்டி ரசீது வாங்குவது யார் என்பது இன்னொன்று. வாடகைதாரர் மாதாமாதம் வீட்டுக்காரரிடம் கொடுத்து, வீட்டுக்காரர் கட்டலாம். வாடகைதாரரே நேராகக் கட்டிவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். எது என்று எழுதாவிட்டால், இவர் கட்டியிருப்பார் என்று அவரும், அவர் கட்டியிருப்பார் என்று இவரும் நினைத்துக்கொண்டு அரையாண்டு ஓடிவிடும்.

சொத்து வரியைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் இதுதான்: பணமும் கட்டும் வேலையும் இரண்டுமே உரிமையாளரிடம் இருக்கட்டும். வரிக்குத் தகுந்த தொகையை வாடகையிலேயே சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. மாநகராட்சிக் கணக்கில் வரி அவர் பெயரில் இருக்கிறது, நோட்டீஸ் வந்தாலும் அவர் பெயருக்குத்தான் வரும். அதோடு, வாடகை வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்டும்போது, உரிமையாளர் தன் கையிலிருந்து கட்டிய சொத்து வரியைத்தான் கழித்துக்கொள்ள முடியும். வாடகைதாரர் சுமந்த வரிக்கு அந்தக் கழிவு கிடையாது. வீட்டு வாடகைப்படிக்கு வருமான வரி விலக்குக் கேட்கிற சம்பளக்காரருக்கும் இதில் லாபம் உண்டு: பழைய வரி முறையில் அந்த விலக்கு வாடகைக்குத்தான், வரி என்றும் தண்ணீர் என்றும் தனியாக எழுதிக் கொடுத்த பணத்துக்கு இல்லை.

ஆனாலும் “வரி தனி” என்றே பிடிவாதமாகச் சொல்லும் வீட்டுக்காரர்கள் உண்டு. முறையாக எழுதினால் அதிலும் தவறில்லை. வாடகைதாரரை வரி கட்டவிட்டால் நாளைக்கு வீட்டுக்குச் சொந்தம் கொண்டாடுவார் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அந்தப் பயம் வேண்டாம். யார் பணம் கட்டினாலும் ரசீது வரிவிதிப்பில் உள்ள பெயருக்குத்தான் வரும். வரி ரசீதை வைத்து வாடகைதாரர் உரிமையாளர் ஆகிவிட முடியாது.

ஒரு மாடி வீட்டுக் கணக்கு

காட்பாடி காந்திநகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கீழே வீட்டுக்கார அம்மாவும் அவர் கணவரும். 1,000 சதுர அடி. மாடி 800 சதுர அடி. நான்கு பேர் உள்ள குடும்பம் ஜூலை 1-ஆம் தேதி குடிவருகிறது. வீடு முழுவதற்கும் ஒரே வரிவிதிப்பு எண், ஒரே குடிநீர் இணைப்பு. அரையாண்டு வரி ரூ. 3,600 என்று எடுத்துக்கொள்கிறேன். இது கணக்குக்காகப் போட்ட தொகை. உங்கள் வீட்டு வரி பரப்பையும் தெருவையும் கட்டடத்தையும் பொறுத்து மாறும்.

வரி வருஷத்துக்கு இரண்டு தவணை: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. பரப்பளவுப்படி பிரித்தால் மாடியின் பங்கு ஒன்பதில் நான்கு, அதாவது அரையாண்டுக்கு ரூ. 1,600. மாதத்துக்கு ரூ. 267 வருகிறது. பாதிப் பாதி என்று பேசினால் மாடிக்கு ரூ. 1,800 ஆகும். பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனால் எந்த முறை என்று எழுதியிருக்க வேண்டும். குடித்தனக்காரர் ஜூலையில் வருவதால் முதல் அரையாண்டில் அவர் இருப்பது மூன்று மாதம்தான். அவர் பங்கு ரூ. 800. இதை எழுதாமல் விட்ட இடங்களில், செப்டம்பரில் குடிவந்தவரிடம் முழு அரையாண்டு வரியைக் கேட்ட கதையெல்லாம் உண்டு.

அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, உச்சவரம்பு ரூ. 5,000. நம் கணக்கில் அது ரூ. 180. வரி 3,420 ஆகிவிடும், மாடியின் பங்கு 1,520. தள்ளுபடியில் கட்டிவிட்டு வாடகைதாரரிடம் 1,600 வாங்கினால் எண்பது ரூபாய்க்கு மனக்கசப்பு மிச்சம். தாமதமானால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறும். அதனால் “ரசீதில் உள்ள தொகைப்படி” என்ற சொற்கள் வேண்டும். கூடவே, வாடகைதாரர் தன் பங்கைக் குறித்த தேதியில் கொடுத்துவிட்டால் தாமத வட்டி உரிமையாளருடையது என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.

வரியை வாடகையில் சேர்த்தால் இந்தப் பிரிக்கும் வேலை எதுவும் இல்லை. 9,000 என்பதை 9,300 ஆக்கிவிட்டு, “சொத்து வரி உட்பட” என்று எழுதினால் முடிந்தது. இதில் வாடகைதாரர் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அட்வான்ஸ் மாதக் கணக்கில் பேசப்படுவதால், அந்த 300 ரூபாயும் அட்வான்சில் பெருகும். மூன்று மாத அட்வான்சுக்கு 900 கூடும். நம் ஊரில் ஐந்து மாதம், பத்து மாதம் கேட்கிற வீடுகளும் இருக்கின்றன. அங்கே 1,500, 3,000 என்று போகும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் இந்த வரம்பைக் காட்டுவது எடுபடாது. “அட்வான்ஸ் 9,000-த்தின் மேல்தான்” என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

வரி நடுவில் ஏறினால் என்ன செய்வது? 2022 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் சொத்து வரி ஏறியபோது இந்தச் சண்டை தெருவுக்குத் தெரு நடந்தது. சென்னைக்கு வெளியே குடியிருப்புகளுக்குப் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை கூடியது. நம் மாடியின் பங்கு 50 சதவீதம் ஏறினால் 1,600 என்பது 2,400 ஆகும். அரையாண்டுக்கு 800, மாதத்துக்கு ரூ. 133. வெறும் 6 சதவீதம் என்றால் மாதத்துக்குப் பதினாறு ரூபாய். “வரி ஏறிடுச்சு, அடுத்த மாசத்திலிருந்து ஐந்நூறு கூட்டிக் கொடுங்க” என்று கேட்டால், பழைய ரசீதையும் புது ரசீதையும் பக்கத்தில் வைத்துக் கழித்து ஆறால் வகுத்துப் பாருங்கள். வாடகை ஏற்றம் தேவைப்பட்டால் அதை வாடகை ஏற்றம் என்றே பேசலாம், வரி மேல் போட வேண்டியதில்லை. என் பழக்கம், ஒப்பந்தக் காலம் முடியும்வரை ஏற்றத்தை உரிமையாளரே தாங்குவது என்று எழுதச் சொல்வது. பதினொரு மாதம்தானே, புதுப்பிக்கும்போது சரிசெய்துகொள்ளலாம்.

வேலூருக்கென்றே இன்னொரு விஷயம் இருக்கிறது. சிகிச்சைக்கு வெளியூரிலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் வருபவர்களுக்கு அறை விடுவது இங்கே பெரிய தொழில். வீட்டைக் குடும்பத்துக்கென்று எடுத்துவிட்டு நாள் வாடகைக்கு அறை விட ஆரம்பித்தாலோ, மாணவர் விடுதியாக மாற்றினாலோ, முன் அறையில் கடை வைத்தாலோ, மாநகராட்சி அதை வணிகப் பயன்பாடு என்று மாற்றி மதிப்பிடலாம். வணிகத்துக்கு வரி விகிதம் வேறு, குடிநீர்க் கட்டணமும் வேறு, மின் கட்டணமும் வேறு. இதனால் வரும் கூடுதல் தொகை வாடகைதாரரைச் சேர்ந்தது என்று வீட்டுக்காரர் எழுதிக்கொள்வது நியாயமே. அதற்குப் பதிலாக, தானே மாடியில் இன்னொரு அறை கட்டி அதனால் வரி ஏறினால் அது தன்னுடையது என்றும் அவர் எழுத வேண்டும்.

தண்ணீர் ஒன்று அல்ல

வரியைவிட இதில்தான் அதிகம் நிதானம் வேண்டும். “தண்ணீர்க் கட்டணம்” என்று எழுதினால் அது எந்தத் தண்ணீர்? மாநகராட்சிக் குழாயில் வருவது ஒன்று, போர் தண்ணீர் ஒன்று, கோடையில் வாங்கும் லாரித் தண்ணீர் ஒன்று, குடிக்க வாங்கும் கேன் ஒன்று. நான்குக்கும் பணம் வேறு வழியில் போகிறது.

மாநகராட்சித் தண்ணீருக்குக் கட்டணம் இணைப்புக்கு. வீட்டில் ஒரே இணைப்பு இருந்து இரண்டு குடும்பம் பயன்படுத்தினால் எப்படிப் பிரிப்பது என்பது உங்கள் பேச்சுதான். மாதம் ரூ. 150 என்று வைத்துக்கொண்டால், வீட்டுக் கணக்கில் மாடிக்கு 75, தலைக் கணக்கில் ஆறு பேரில் நான்கு பேர் என்பதால் 100. இருபத்தைந்து ரூபாய்க்காக மாதாமாதம் கணக்குப் போடுவது யாருக்கும் வேண்டாம். “மாதம் ரூ. 100, வாடகையோடு தனித் தொகையாக” என்று முடித்துவிடுங்கள். இணைப்புக்கான முன்வைப்புத் தொகை, புது இணைப்புச் செலவு, தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் பைப் மாற்றும் செலவு எல்லாம் உரிமையாளருடையது. குழாய் வாஷர் மாற்றுவது மாதிரிச் சில்லறை வேலைகள் வாடகைதாரருடையது. 2017 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையும் பழுதுபார்க்கும் வேலைகளை இப்படித்தான் பிரித்துவைத்திருக்கிறது.

போர் தண்ணீருக்குப் பில் வராது, கரண்டில் வரும். மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். பார்க்கும் வழி எளிது: உங்கள் வீட்டுக்குள் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, மோட்டாரைப் போடச் சொல்லி, மீட்டர் பெட்டிக்கு முன்னால் நில்லுங்கள். உங்கள் மீட்டரின் சிவப்பு விளக்கு வேகமாகச் சிமிட்ட ஆரம்பித்தால் கீழ்வீட்டுத் தண்ணீருக்கும் கரண்ட் காசு கொடுக்கப் போவது நீங்கள்தான். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். தினமும் ஒரு மணி நேரம் என்றால், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் சுமார் 60 யூனிட். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் நம் மின் கட்டணம் படிப்படியாக ஏறுவது. இந்த 60 யூனிட் உங்கள் பயன்பாட்டின் மேல்படியில் போய் உட்காரும், அங்கே யூனிட் விலை அதிகம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் முழுப் பில்லின் கணக்கே மாறிவிடுகிறது. மோட்டார் வீட்டுக்காரர் மீட்டரில் இருந்தால் மாதம் ஒரு நிலையான தொகை பேசலாம். உங்கள் மீட்டரில் இருந்தால் அதே தொகையை வாடகையில் குறைக்கச் சொல்லலாம்.

அடுத்தது லாரித் தண்ணீர். வேலூர் வெயில் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த விஷயம், பாலாறும் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. மழை பொய்த்த வருஷங்களில் போர் வற்றும், குழாய்த் தண்ணீர் வருகிற நாள் இடைவெளி கூடும். “தண்ணிக்குக் குறைச்சல் இல்லை” என்று நவம்பரில் சொன்னது ஏப்ரலிலும் உண்மையாக இருக்குமா என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்குச் சொல்வதில் தயக்கம் இருக்காது. ஒப்பந்தத்தில் மூன்றை முடிவுசெய்ய வேண்டும். லாரியை வரவழைக்கும் முடிவை யார் எடுப்பது, பணத்தை எப்படிப் பிரிப்பது, மாதத்துக்கு எத்தனை லாரிவரை. நம் வீட்டில் ஒரு லோடு ரூ. 1,500 என்று கொண்டால், தலைக் கணக்கில் மாடிக்கு 1,000, வீட்டுக் கணக்கில் 750. மே மாதம் நான்கு லோடு வந்தால் வித்தியாசம் ஆயிரம் ரூபாய், இது பேச வேண்டிய தொகைதான். சம்ப் பொதுவாக இருந்து, கீழ்வீட்டில் தோட்டத்துக்கும் காருக்கும் அதே தண்ணீர் போகிறதென்றால் தலைக் கணக்கு மாடிக்காரருக்கு நியாயமாக இராது. பாதிப் பாதி கேளுங்கள். கேன் தண்ணீர் அவரவர் செலவு, எழுதக்கூட வேண்டாம்.

பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் செப்டிக் டேங்க் லாரிக்கும் இதே கேள்வி வரும். அந்தச் செலவையும் பாதிப் பாதி என்று எழுதலாம். ஆனால் குடிவந்த மறுமாதமே டேங்க் நிரம்பினால் அது முன்பு இருந்தவர்களுடைய கணக்கு.

எழுதும் வாசகம்

மாடி வீட்டுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். தொகைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

“மாத வாடகை ரூ. 9,300. இதில் சொத்து வரி அடங்கும். வரிவிதிப்பு எண் ______ -க்கான சொத்து வரியை உரிமையாளரே சுமந்து, உரிய காலத்தில் கட்டுவார். ஒப்பந்தக் காலத்தில் வரி உயர்ந்தாலும் வாடகை மாறாது. வாடகைதாரர் குடியிருப்பு தவிர வேறு பயன்பாட்டுக்கு வீட்டை உபயோகித்து அதனால் வரியோ கட்டணமோ கூடினால், கூடுதல் தொகை வாடகைதாரரைச் சேரும்.

குடிநீர் இணைப்பு எண் ______ -க்கான கட்டணத்தில் தன் பங்காக மாதம் ரூ. 100-ஐ வாடகைதாரர் வாடகையோடு தனித் தொகையாக உரிமையாளரிடம் கொடுப்பார். உரிமையாளர் அதை மாநகராட்சியில் கட்டி, ரசீதின் நகலை வாடகைதாரருக்குக் கொடுப்பார். மோட்டார் மின் கட்டணம் உரிமையாளருடையது.

லாரித் தண்ணீர் தேவைப்பட்டால் இருவரும் பேசி வரவழைக்க வேண்டும். செலவு சரிபாதி. மாதம் இரண்டு லோடுக்கு மேல் தேவைப்பட்டால் மேற்பட்ட செலவு உரிமையாளருடையது.

______ தேதிக்கு முந்தைய வரி, குடிநீர், சாக்கடை நிலுவைகள் அனைத்தும் உரிமையாளரைச் சேர்ந்தவை.”

வரி தனி என்று முடிவானால் முதல் பத்தியை மட்டும் இப்படி மாற்றலாம்: “மாத வாடகை ரூ. 9,000. வரிவிதிப்பு எண் ______ -க்கான அரையாண்டுச் சொத்து வரியில் ஒன்பதில் நான்கு பங்கை, ரசீதில் உள்ள தொகைப்படி, குடியிருந்த மாதங்களுக்கு மட்டும் கணக்கிட்டு, ரசீது காட்டிய பதினைந்து நாட்களுக்குள் வாடகைதாரர் கொடுப்பார். தாமத வட்டி உரிமையாளரைச் சேரும்.” கட்டியபின் ரசீதைப் பார்த்துக் கொடுப்பது என்பதால் தள்ளுபடியும் தானாகவே இரண்டு பேருக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

ரெடிமேடாக அச்சடித்து விற்கும் ஒப்பந்தத் தாளில் இதற்கெல்லாம் இடம் இருக்காது. தட்டச்சு செய்பவரிடம் நீங்கள் எழுதிய தாளையே கொடுத்து அப்படியே அடிக்கச் சொல்லுங்கள். “எல்லாருக்கும் இதைத்தான் போடறோம்” என்பார். பரவாயில்லை, இந்தப் பத்திகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பதிவும் ரசீதும்

2017 சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. பதிவு tenancy.tn.gov.in தளம் வழியாக நடக்கிறது. பதிவானதும் ஒரு வாடகைப் பதிவு எண் கிடைக்கும். பதினொரு மாத ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியத் தேவையில்லை என்பதையும் இதையும் பலர் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. பதியும்போது வாடகைத் தொகையையும் மற்றக் கட்டணங்களையும் ஒப்பந்தத்தில் எழுதியபடியே கொடுங்கள். தளத்தில் 9,000 என்றும் தாளில் 9,300 என்றும் இருந்தால், பின்னால் தகராறு வரும்போது அந்த 300 ரூபாய்க்கு இரண்டு பேரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

மாதாமாதம் ஜிபே-யிலோ வங்கி வழியாகவோ அனுப்பும்போது வாடகையை ஒரு தடவை, தண்ணீர்ப் பணத்தை ஒரு தடவை என்று தனித்தனியாக அனுப்பிக் குறிப்பில் மாதத்தைப் போடுங்கள். 9,400 என்று மொத்தமாகப் போனால் ஆறு மாதம் கழித்து அது எதற்கு என்று இரண்டு பேருக்கும் நினைவிருக்காது. கையில் பணமாகக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். அது சட்டப்படி உங்கள் உரிமை. வீட்டுக்காரர் ரசீது புத்தகம் வைத்திருக்க மாட்டார் என்றால், ஒரு நோட்டில் தேதியும் தொகையும் எழுதி அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்வது நம் பக்கத்தில் பழைய வழக்கம்தான்.

தண்ணீர்ப் பங்கைப் பற்றித் தகராறு வந்தால், பணம் வரும்வரை மேல்தொட்டி வால்வை மூடிவைப்பது என்று சில வீட்டுக்காரர்கள் இறங்கிவிடுகிறார்கள். அது சட்டப்படி செல்லாது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியச் சேவைகளை நிறுத்தினால் வாடகைதாரர் வாடகை அதிகாரியிடம் மனுக்கொடுக்கலாம். அவர் உடனே மீட்டுத்தரச் சொல்லி உத்தரவிட முடியும். வாடகைதாரரும் கோபத்தில் முழு வாடகையை நிறுத்திவைக்கக் கூடாது. தகராறில் உள்ள நூறு ரூபாயை மட்டும் எழுத்தில் தெரிவித்துவிட்டு, வாடகையைத் தேதி தவறாமல் அனுப்பிவிடுங்கள். வாடகைப் பாக்கி என்று ஆகிவிட்டால் காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடும்.

காலி செய்யும்போது அட்வான்சில் எதைக் கழிப்பது என்பதும் இதே பத்திகளைப் பொறுத்துத்தான். நம் மாடிக் குடும்பம் மே 31-இல் வீட்டை விடுகிறது, ஒப்பந்தம் வரி தனி என்ற முறையில் இருந்தது என்று கொள்வோம். ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கான வரிப் பங்கு, 1,600-இல் மூன்றில் ஒன்று, ரூ. 533. தண்ணீர் மே மாதத்துக்கு ரூ. 100. மே மாதத்தில் இரண்டு லாரி வந்து பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் அதில் பாதி, ரூ. 1,500. மொத்தம் ரூ. 2,133 கழித்து மீதி அட்வான்ஸ் ஒரு மாதத்துக்குள் திரும்ப வர வேண்டும். இந்த மூன்று வரிகளையும் ஒரு தாளில் எழுதி, வரி ரசீதின் நகலையும் லாரிக்காரர் பில்லையும் அதோடு பின் பண்ணி, சாவி கொடுக்கும் அன்றே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.